பாட்டுக்காரர் மானிட்டரில் ஊளையைத் தேடிப் பிடித்த கதை

எங்கள் தெருக் கோயிலை ஒட்டிய ஹாலில் மாதம் ஒரு கச்சேரி நடக்கும். பாட்டு, வயலின், மிருதங்கம், அவ்வளவுதான். மைக் செட்டை நான் பொழுதுபோக்காகப் பார்த்துக்கொள்கிறேன். டேப்லெட்டில் இயங்கும் ஒரு சின்ன டிஜிட்டல் மிக்ஸர், ஜனங்களைப் பார்த்து இரண்டு ஸ்பீக்கர், மேடையில் பாடகருக்குத் தன் குரல் கேட்க மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர். தரை டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்ட் பூச்சு. ஒரு தும்மல் போட்டால் இரண்டாகக் கேட்கும்.

இங்கே பெரிய ஸ்பீக்கர் என்றைக்கும் தொல்லை கொடுத்ததில்லை. கத்துவது மானிட்டர்தான். அது மைக்குக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பாடகர் "எனக்குக் கொஞ்சம் ஏத்துங்க" என்று சைகை காட்டுவார், ஏற்றியதும் அதன் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து "ஈஈ" என்று ஊளை ஆரம்பித்துவிடும். அதனால் இந்தத் தடவை கச்சேரிக்கு முந்தைய நாள் மாலை ஹாலைத் திறந்து வாங்கிக்கொண்டு, மானிட்டரை மட்டும் நிதானமாக ஒரு கை பார்த்தேன்.

சத்தத்தில் ஏதாவது ஒரு பகுதியை மட்டும் ஏற்றி இறக்கும் ஈக்யூவைத் தொடும் முன்பு மானிட்டர் இருக்கும் இடத்தைக் கவனித்தேன். ஜனங்களுக்கு முகம் மறைக்கிறது என்று அதைப் பாடகரின் வலப்பக்கம் வைப்பதுதான் இங்கே வழக்கம். பாட்டு மைக் கார்டியாய்டு வகை. முன்பக்கம் வரும் சத்தத்தோடு ஒப்பிட்டால், நேர் பக்கவாட்டில் வருவதை அது 6 டெசிபல்தான் குறைத்து வாங்கும். 120 டிகிரிக்குப் போனால் 12 டெசிபல் குறையும். நேர் பின்னால் அதற்குக் காதே கிடையாது என்று சொல்லலாம். தரையில் உட்கார்ந்து பாடுகிறவருக்குக் குட்டை ஸ்டாண்டில் மைக் வைத்தால், அதன் வால் முன்பக்கமாகக் கீழே பார்க்கும். அந்த வால் காட்டும் இடத்தில்தான் மானிட்டர் இருக்க வேண்டும். எனவே அதை மைக் ஸ்டாண்டுக்கு முன்னால், தரையோடு தரையாகச் சாய்த்து வைத்தேன். பக்கவாட்டில் இருந்தபோது மானிட்டரின் வால்யூம் ஃபேடர் -14இல் கத்த ஆரம்பித்தது. இடம் மாற்றியதும் -9 வரை போனது. 5 டெசிபல் சும்மா கிடைத்தது. ஈக்யூவில் இதே 5 டெசிபலைப் பிடுங்க எவ்வளவு பாடு என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

அப்புறம்தான் ஊளை வேட்டை. சில விஷயங்களை முதலில் சரிசெய்துகொண்டேன். பாட்டு மைக்கின் கெயினை, நண்பர் ஒருவரை உட்கார வைத்து, உச்ச ஸ்தாயியில் உரக்கப் பாடச்சொல்லி அமைத்தேன். இதற்குப் பிறகு கெயினை மாற்றினால் செய்த அளவெல்லாம் வீண். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் ஆன், கம்ப்ரஸர் ஆஃப். பெரிய ஸ்பீக்கர்கள் மியூட். நண்பரை எழுந்திருக்க விடவில்லை. முகமும் மார்பும் சத்தத்தை மைக்குக்குத் திருப்பி அனுப்பும். காலி மேடையில் எடுத்த அளவு ஆள் உட்கார்ந்ததும் மாறிவிடும்.

முக்கியமாக, எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை அணைத்துவிட வேண்டும். ஃபோனில் ஓடும் ஸ்பெக்ட்ரம் ஆப்பில் சுருதியும் அசையாத கோடாகத்தான் தெரியும், ஊளையும் அப்படித்தான் தெரியும். சுருதிக்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று வரிசையாகக் கோடுகள் இருக்கும். தொடங்கும் நிலையில் இருக்கும் ஊளை மட்டும் ஒற்றைக் கம்பியாக நிற்கும்.

ஃபேடரை ஒரு டெசிபல் ஒரு டெசிபலாக ஏற்றினேன். முழுசாகக் கத்தும்வரை விடக்கூடாது. காதுக்கும் கெடுதல், மானிட்டரின் ட்வீட்டருக்கும் கெடுதல். நண்பர் நாக்கால் "டக்" என்று சொடுக்குவார். "டக்" என்று முடிந்தால் இடம் இருக்கிறது. "டக்ங்ங்ங்" என்று வால் நீண்டால் விளிம்புக்கு வந்துவிட்டோம். அந்த வால் எந்த உயிரெழுத்துபோல ஒலிக்கிறது என்று கேட்டுப் பழகினால் ஆப் பார்க்கும் முன்பே பாதி வேலை முடியும். ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் "ஊ", 500 "ஓ", 1000 "ஆ", 2000 "ஏ", 4000 "ஈ". அதற்கு மேலே போனால் விசில்.

முதலில் வந்தது ஏகாரத்துக்கும் ஈகாரத்துக்கும் நடுவே. ஆப்பில் 2430 ஹெர்ட்ஸ். பாராமெட்ரிக் ஈக்யூவில் அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு குழி தோண்டினேன், குழியின் கூர்மையைச் சொல்லும் க்யூ 20, ஆழம் 6 டெசிபல். ஊளை நின்றது. ஒரு டெசிபல் ஏற்றியதும் 2210இல் முளைத்தது. அங்கேயும் ஒரு குழி. உடனே 2650. மானிட்டருக்கு என் மிக்ஸர் தருவது மொத்தம் ஆறு பேண்ட். இப்படியே போனால் ஒரு மூலைக்கே அத்தனையும் காலி.

இந்த எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஒவ்வொன்றும் 220. இது தற்செயல் இல்லை. மானிட்டரிலிருந்து மைக்குக்கு 1.2 மீட்டர். நம் ஊர்ச் சூட்டில் சத்தம் வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், ஆக 3.4 மில்லி வினாடி. மிக்ஸர் தன் பங்குக்கு ஒரு மில்லி வினாடி தாமதம் செய்யும். ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 4.5 மில்லி வினாடி. சுற்றி வந்த அலை, கிளம்பும் அலையோடு ஏற்றத்துக்கு ஏற்றம் பொருந்தினால்தான் ஊளை வளரும். அப்படிப் பொருந்தும் இடங்கள் ஏறத்தாழ 220 ஹெர்ட்ஸுக்கு ஒன்று வீதம் அடியிலிருந்து உச்சிவரை வரிசையாக இருக்கின்றன. மைக், ஸ்பீக்கர், சுவர் மூன்றும் சேர்ந்து எந்த இடத்தைத் தூக்கிக் கொடுக்கிறதோ, அந்த இடம் முதலில் கத்தும்.

இதனால் மேலேயும் கீழேயும் வைத்தியம் வேறு வேறு. 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே 220 என்பது பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவரை அடக்கினால் அடுத்தவர் எட்டிப் பார்ப்பார். அங்கே தூக்கலாக இருப்பது ஒரு புள்ளி அல்ல, மொத்தமாக ஒரு மேடு. ஊசிக் குழிகளை எல்லாம் எடுத்துவிட்டு 2400இல் க்யூ 2 வைத்து அகலமாக 4 டெசிபல் மட்டும் இறக்கினேன். மூன்றும் சேர்ந்து அடங்கின. 6300 அருகில் இன்னொரு சின்ன மேடு, அங்கே 3 டெசிபல். குரலின் தெளிவு இந்தப் பகுதியில்தான் இருப்பதால் இதற்கு மேல் இறக்க மனம் வரவில்லை.

கீழே கதை வேறு. 300 ஹெர்ட்ஸ் பக்கம் 220 என்பது கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி தூரம். ஒன்றை அடக்கினால் அடுத்தது வெகுதொலைவில் இருக்கும், அங்கே ஊசிக் குழி நன்றாக வேலை செய்யும். எங்கள் ஹாலில் மூன்றாவதாக வந்த "ஊ" 281இல் நின்றது. 31 ஸ்லைடர் கிராஃபிக்கில் இது 250க்கும் 315க்கும் சரியாக நடுவில் விழும். இரண்டையும் இறக்கினால் குரலின் கனமே போய்விடும். பாராமெட்ரிக் என்பதால் 281இல் க்யூ 8, 4 டெசிபல் என்று முடித்தேன். ஃபேடர் -4 வரை ஏறியது. அங்கே போனதும் நாலைந்து இடம் ஒன்றாக ரீங்கரிக்க ஆரம்பித்தது. அதுதான் நிறுத்தச் சொல்லும் அறிகுறி. அதற்கு மேலும் வெட்டிக்கொண்டே போனால் எல்லா இடமும் இறங்கும், மொத்தத்தில் வால்யூமைக் குறைத்ததற்குச் சமம். ஊளை எல்லையிலிருந்து 6 டெசிபல் இறக்கி, -10இல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பக்கவாட்டில் வைத்த பழைய நிலையில் இதே பாதுகாப்போடு -20தான் கிடைத்திருக்கும்.

மறுநாள் சவுண்ட் செக்கில் பாடகர் வந்து உட்கார்ந்தார். ஒன்றரைக் கட்டை சுருதி. ஸ்வரங்களை ஏறிப் பாடிவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, மேல் ஷட்ஜம் மட்டும் எங்கேயோ கீழே போறாப்பல இருக்கே?"

"ஒரு நிமிஷம் சார், பாக்கறேன்."

ஒன்றரைக் கட்டைக்கு மேல் ஷட்ஜம் 277 ஹெர்ட்ஸ். நான் குழி தோண்டியிருப்பது 281இல். அவர் கார்வை கொடுத்து நிற்கும் ஸ்வரத்தின் அடித்தளத்தையே மானிட்டரில் உருவியிருக்கிறேன்! குழியை எடுக்கலாம் என்றால் இன்னும் மோசம். நீண்ட ஷட்ஜம் அந்த ஊளையைத்தான் ஊதி வளர்க்கும்.

அங்கேதான் போலாரிட்டி பட்டன் கைகொடுத்தது. மானிட்டருக்குப் போகும் சிக்னலைத் தலைகீழாக்கினால், பொருந்தும் இடங்கள் எல்லாம் பாதி இடைவெளி நகரும், அதாவது 110 ஹெர்ட்ஸ். 281 குழியை மூடினேன், பட்டனைத் தட்டினேன், மறுபடி ஃபேடரை ஏற்றிப் பார்த்தேன். "ஊ" இப்போது 392இல் வந்தது. அதுவும் மற்ற இடங்களோடு சேர்ந்து, -4ஐத் தொட்ட பிறகுதான். 281ஐ ஹாலும் மானிட்டரும் தூக்கிக் கொடுத்த அளவுக்கு 392ஐத் தூக்கவில்லை. அந்த இடத்தில் குழியே தேவைப்படவில்லை. ஒன்றரைக் கட்டைக்கு 392 என்பது பிரதி மத்யமம். கல்யாணி விஸ்தாரமாகப் பாடினால் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

சரி, தானாகவே ஊளையைப் பிடித்து வெட்டும் கருவிகள் இருக்கின்றனவே என்று வயலின்காரர் கேட்டார். இருக்கின்றன. ஆனால் அசையாமல் நீளும் ஒற்றை ஒலியை ஊளை என்று எடுத்துக்கொள்வதுதான் அவற்றின் பிழைப்பு. பேச்சுக்குப் பரவாயில்லை. நீண்ட கார்வையும் வயலின் வில்லும் புழங்கும் மேடையில் அது எதை வெட்டும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கச்சேரியில் ஒரு இடம்தான் இடறியது. தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்க மைக்கை மானிட்டரிலும் கொஞ்சம் திறந்தேன், தொப்பிப் பக்கம் அடியில் ஒரு முனகல். திறந்திருக்கும் மைக் இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறையும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மானிட்டர் சத்தத்தில் தோலே அதிர்ந்து அதை மைக் திரும்ப எடுக்கிறது. அது வாத்தியத்தின் சொந்த ஒலி, அங்கே வெட்டினால் தொப்பியே போய்விடும். மிருதங்கத்தை மானிட்டரிலிருந்து எடுத்துவிட்டேன், முனகல் நின்றது. வித்வானுக்குத் தன் வாத்தியம் நேரடியாகவே கேட்கிறது, அவர் கேட்டது பாட்டை மட்டும்தான்.

அடுத்த மாதம் பாட வருகிறவர் ஐந்தரைக் கட்டை. மைக், மானிட்டர் இருக்கும் இடங்களுக்குத் தரையில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். போலாரிட்டியை இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் அவருடைய ஷட்ஜ பஞ்சமத்திலிருந்து விலகி நிற்கிறதோ அதை வைத்துக்கொள்வதாகத் திட்டம்.