வகுப்பு தொடங்கும் முன்பே இறங்கிய பிரஷர்

ஒரு தொழிற்சாலையின் மருத்துவப் பிரிவில் நான் புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஜனவரியில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பிரஷர் பார்த்தோம். மேல் அளவு 140-ஐத் தாண்டியவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது பற்றி வாரம் ஒரு வகுப்பு, மூன்று மாதம் நடத்தினோம். ஏப்ரலில் மறுபடி எல்லோருக்கும் பார்த்தபோது வகுப்புக்கு வந்தவர்களின் சராசரி 150-லிருந்து 141-க்கு இறங்கியிருந்தது. யாருக்கும் மாத்திரையை மாற்றவில்லை. 9 புள்ளியும் வகுப்பின் பலன் என்று அறிக்கை எழுதியது நான்தான்.

எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் எங்கள் நர்ஸ். பட்டியலில் ஒரு பெயரைக் காட்டி, "சார், இந்த அண்ணன் ஜனவரியில் நைட் ஷிஃப்ட் முடிச்சு, மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். 158 காட்டுச்சு. அப்புறம் மருந்து வாங்க வந்தப்ப நிதானமா உட்கார வெச்சுப் பார்த்தேன், 138தான்" என்றார். அந்த அண்ணன் ஒரு வகுப்புக்குக்கூட வரவில்லை.

அன்று மாலை பட்டியலின் மறுமுனையைத் திறந்து பார்த்தேன். ஜனவரியில் 110-க்குக் கீழே இருந்தவர்களின் சராசரி 105. ஏப்ரலில் அதே ஆட்களுக்கு 111. இவர்களுக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை. மேலே இருந்தவர்கள் இறங்கியிருக்கிறார்கள், கீழே இருந்தவர்கள் ஏறியிருக்கிறார்கள். உப்பு வகுப்பால் அதில் ஒரு பாதியை வேண்டுமானால் விளக்கலாம், இரண்டையும் விளக்க முடியாது.

இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். 1886-இல் பிரான்சிஸ் கால்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தில் இதைக் காட்டினார். பெற்றோர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருந்தார்களோ, பிள்ளைகள் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் விலகியிருந்தார்கள். பிரஷரிலும் அதே கதைதான். ஒருவருக்கு வழக்கமான அளவு ஒன்று உண்டு. அதன்மேல் அன்றைய தூக்கம், காபி, பதற்றம், கையில் பட்டி கட்டிய விதம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். 140 என்று கோடு போட்டு ஆள் பிடித்தால், வழக்கமாக 134 இருந்து அன்று மட்டும் எகிறியவர் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். வழக்கமாக 143 இருந்து அன்று தணிந்திருந்தவர் வெளியே போய்விடுகிறார். அதனால் பட்டியலில் 'அன்று எகிறியவர்கள்' ஒரு பக்கமாகக் குவிகிறார்கள். அடுத்த முறை அந்த எகிறல் அவர்களோடு வருவதில்லை.

எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அதற்கு முந்தைய ஆண்டில், வகுப்பே இல்லாத காலத்தில், எல்லோருக்கும் இரண்டு முறை எடுத்த அளவுகள் எங்களிடம் இருந்தன. அவற்றின் ஒட்டுறவு 0.7. அதாவது, முதல் அளவில் சராசரியிலிருந்து விலகியிருந்ததில் ஏறக்குறைய 0.7 பங்குதான் இரண்டாம் அளவிலும் நிற்கும். ஆலையின் மொத்தச் சராசரி 126. வகுப்புக்காரர்கள் அதைவிட 24 புள்ளி மேலே நின்றார்கள்.

```
126 + 0.7 × (150 − 126) = 142.8
```

ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் சராசரி 143-ஐ ஒட்டி வந்திருக்கும். 9 புள்ளியில் 7 தானாகவே வந்தது. மிச்சம் 2. அதிலும், இரண்டாம் முறை பட்டி கட்டும்போது ஆட்களுக்குப் பயம் தெளிந்திருந்ததும் சேர்ந்திருக்கும்.

உப்பைக் குறைத்தால் பிரஷர் குறையாது என்று இதற்கு அர்த்தமில்லை. அது குறைக்கும். ஆனால் எங்கள் வகுப்பு குறைத்ததா என்று அந்த 9-ஐ வைத்துச் சொல்ல முடியாது. பட்டியலில் உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் முதலில் வகுப்பு நடத்தியிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பாதியும் ஒரே அளவு தானாக இறங்கும், வித்தியாசம் மட்டும் வகுப்புக்குரியது. இதை மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. பிரஷர் இருப்பவரைக் காத்திருக்க வைப்பதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

அதனால் அடுத்த ஆண்டு வேறு வழி பிடித்தோம். ஜனவரி அளவை ஆள் தேர்வுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு வாரம் கழித்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, புதிதாக ஓர் அளவு எடுத்து, அதையே தொடக்கம் என்று எழுதினோம். இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இந்த இரண்டாம் அளவில் 140-க்குக் கீழே வந்தவர்களைக் கழித்துவிட்டால், பழைய கோளாறு பின்வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும். குறைந்தவரையும் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

அந்த ஆண்டு தேர்வு நாளில் சராசரி 151. ஒரு வாரம் கழித்து, ஒரு வகுப்புகூட நடக்காத நிலையில், 144. நர்ஸ் பதிவேட்டில் 'தொடக்கம்' என்ற கட்டத்தில் 144 என்று எழுதினார்.