23-ஆவது டிக்கில் பிரிந்த கேரம் ஆட்டம்

பொங்கலுக்குக் காரைக்குடி போயிருந்தபோது, நான் எழுதிக்கொண்டிருந்த கேரம் விளையாட்டை மாமா மகனோடு வளவில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். என்னிடம் விண்டோஸ் லேப்டாப், அவனிடம் ஆண்ட்ராய்டு போன். நாலாவது அடியில், "அத்தான், சிவப்பு உள்ளே போயிருச்சு. உங்க பக்கம் ஏன் வெளியவே கிடக்கு?" என்றான்.

இரண்டு கருவிகளையும் லாக்ஸ்டெப் என்ற முறையில் இணைத்திருந்தேன். அதில் காய்கள் இருக்கும் இடத்தை அனுப்புவதே கிடையாது. ஸ்டிரைக்கரை எங்கே வைத்தோம், எந்தக் கோணம், எவ்வளவு வேகம், அவ்வளவுதான் போகும். மீதியை இரண்டு கருவிகளும் தனித்தனியே கணக்கிடும். ரீப்ளே கோப்பிலும் அதே அடிகள்தான் இருக்கும். ஆகவே இரு பக்கமும் ஒரு பிட் கூட மாறக் கூடாது.

முதலில் `%.6f` போட்டு அச்சடித்தேன். பல டிக் வரை, அதாவது ஆட்டத்தை நகர்த்தும் பல சிறு கணக்குப் படிகள் வரை, எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது, அது என்னை ஏமாற்றியது. அப்புறம் ஒவ்வொரு டிக்கிலும் எல்லாக் காய்களின் பிட்களுக்கும் ஹாஷ் எடுத்து இரண்டு பதிவையும் ஒப்பிட்டேன். பிரிவு நாலாவது அடியில் இல்லை. முதல் அடியின் 23-ஆவது டிக்கிலேயே இருந்தது. `%a` போட்டதும் ஒரு காயின் வேகத்தில் கடைசி பிட் மட்டும் வேறாக நின்றது. கேரமில் காய் காயில் மோத மோத அந்தத் துளி வித்தியாசம் பெருகிக்கொண்டே போகும்.

நான் சந்தேகப்பட்டது `x + vx * dt` என்ற வரியை. ஆனால் ஒரு டிக்கின் நேரமான என் `dt` 1/64. இரண்டின் அடுக்கால் பெருக்கினால் எதுவும் வெட்டுப்படாது, அது குற்றமற்றது. குற்றவாளி மோதல் கணக்கு:

```
d2 = dx*dx + dy*dy;
```

ஏஆர்எம் சிப்பில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கிக் கடைசியில் ஒரே தடவை ரவுண்டு செய்யும் எஃப்எம்ஏ உண்டு. கம்பைலர் தானாகவே அதைப் போட்டுவிட்டது. என் லேப்டாப் பில்டிலோ பெருக்கிய பின் ஒரு ரவுண்டு, கூட்டிய பின் இன்னொன்று. மூன்று இலக்கம் மட்டும் வைத்துக்கொள்ளும் இயந்திரத்தில் 1.23 × 1.23 − 1.51 போட்டுப் பாருங்கள். இரண்டு ரவுண்டில் விடை 0. ஒரே ரவுண்டில் 0.0029. இரண்டுமே தத்தம் வழியில் சரியான கணக்கு, அதனால்தான் பிடிப்பது கஷ்டம்.

இரு பில்டிலும் `-ffp-contract=off` கொடுத்தேன்; `-ffast-math` இருந்ததை எடுத்தேன். 23-ஆவது டிக் சரியானது. ஆனால் சில அடிகள் முதல் டிக்கிலேயே பிரிந்தன. அதற்குக் காரணம், கோணத்தைத் திசையாக மாற்றும் `sin`, `cos`. கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இவற்றின் ரவுண்டை ஐஇஇஇ 754 கட்டாயமாக்குகிறது. `sin`-ஐ அப்படிக் கட்டாயமாக்கவில்லை, ஒவ்வொரு நூலகமும் தன் வழியில் கணக்கிடும். கோணத்தை அனுப்புவதை விட்டுவிட்டு, விரல் இழுத்த தூரத்தை இரண்டு முழு எண்களாக அனுப்பினேன். திசைக்கு வர்க்கமூலமும் வகுத்தலும் போதும்.

பழைய ரீப்ளேக்கள் இனி ஓடாது. கோப்பின் தலைப்பில் பதிப்பு எண் சேர்த்து, பழையதைத் திறக்க மறுக்கும்படி வைத்துவிட்டேன். இப்போது 64 டிக்குக்கு ஒரு தடவை ஹாஷையும் எதிர்ப் பக்கம் அனுப்புகிறேன். பிரிந்தால் அந்த நொடியிலேயே ஆட்டம் நிற்கும்.