ஓரம் கருகி நடு வேகாத பிறந்தநாள் கேக்

அக்காவின் பிறந்தநாளுக்கு அக்கா மகன் தனியாக நின்று ஒரு பட்டர் கேக் அடித்தான். பதினொரு வயதுப் பையனுக்கு அதுதான் முதல் கேக். ஓரமெல்லாம் கருகி, நடு கூழாக நின்றுவிட்டது. அதை நடுவால் வெட்டி வைத்து நானும் அவனும் காரணம் தேடினோம். அப்புறம் செய்து பார்த்ததில் கிடைத்தது, இந்தத் தட்டு விஷயத்தில் தடுமாறும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

கலவை நாம் எல்லோரும் அடிப்பதுதான். பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, வெனிலா. பக்கத்து வீட்டு அக்காவின் கொப்பியைப் பார்த்து எழுதி வந்திருக்கிறான். '180இல் 45 நிமிடம்' என்பது வரை அப்படியே இறங்கியிருக்கிறது. அந்த வீட்டில் பெரிய சதுரத் தட்டில் ஊற்றுவார்கள் என்பது மட்டும் கொப்பியில் இல்லை.

இவன் எடுத்தது அம்மாயியின் பழைய வட்டத் தட்டு. 7 அங்குலம், நல்ல ஆழம், வெளிப்பக்கம் பல வருட அடுப்புக் கரியில் கறுத்துப் போனது. காரணம் கேட்டேன். "டவுன் கடைக் கண்ணாடிக்குள்ள இருக்கிற கேக் உயரமா இருக்கும் மாமா. அம்மாவுக்கு அப்படித்தான் வேணும்" என்றான். முழுக் கலவையையும் அந்தச் சின்னத் தட்டிலேயே ஊற்றிவிட்டான்.

அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறார். பின்னேரம் அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பையனுக்கு. அரை மணி நேரத்தில் வீடு முழுக்க வாசம் வந்திருக்கிறது. 45 நிமிடத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, தட்டை ஆட்டினால் நடு மட்டும் குலுங்குகிறது. சூடு போதவில்லை என்று நினைத்து 220க்குத் திருப்பிவிட்டான். இன்னும் பத்து நிமிடம் கழித்து ஈர்க்குக் குத்திப் பார்த்தான். சுத்தமாக வந்தது. வெளியே எடுத்துவிட்டான்.

அந்த ஈர்க்கை எங்கே குத்தினான் என்பதுதான் முக்கியம். நடுவில் கேக் கோபுரம் போல எழும்பி வெடித்திருந்தது. அதைக் குத்திக் கெடுக்க மனமில்லாமல், ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்தியிருக்கிறான். அந்த இடம் உண்மையிலேயே வெந்துதான் இருந்தது.

பின்னேரம் அக்கா வந்ததும் நடுவில் மெழுகுவர்த்தி நட்டார்கள். மேல் தோல் உடைந்து மெழுகுவர்த்தி பாதி வரை உள்ளே இறங்கிவிட்டது. பையனின் முகம் சுருங்கியதைப் பார்த்த அக்கா, ஒன்றும் சொல்லாமல் அதைப் பிடுங்கி ஓரமாக நட்டு ஊதினார். கத்தி நடுவுக்குப் போனதும் மஞ்சள் மாவு வழிந்தது. "கருகினதச் சொரண்டிட்டு, வெந்த எடத்துல ஒரு துண்டு குடுடா. இது நல்லாத்தான் இருக்கு" என்று வெந்த பகுதியை இரண்டு துண்டு சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். கருகலுக்கும் கூழுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வளையம் அருமையாக வெந்திருந்தது. பட்டரும் சீனியும் கையால் அடித்த பையனுக்கு அந்த மென்மை வந்ததே பெரிய விஷயம். குறை கலவையில் இல்லை, தட்டிலும் சூட்டிலும்தான் என்பதற்கு அந்த வளையமே சாட்சி.

வேகாத நடுவை வீசவில்லை, பச்சையாகச் சாப்பிடவும் விடவில்லை. ஆறிப்போனதைத் திரும்ப ஓவனில் வைத்தாலும் எழும்பாது, பேக்கிங் பவுடரின் வேலை அதற்குள் முடிந்திருக்கும். பட்டர் தடவிய டம்ளர்களில் வழித்துப் போட்டு, இடியப்பச் சட்டியில் அரை மணி நேரம் அவித்தேன். கெட்டியான புடிங் போல வந்தது. கித்துள் பாணி ஊற்றினால் வேறொன்றும் வேண்டாம்.

சரி, காரணத்துக்கு வருகிறேன். இந்தக் கலவை மொத்தம் ஒரு கிலோ அளவு வரும். 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றினால் ஏறக்குறைய இரண்டே முக்கால் சென்டிமீட்டர் ஆழம். 7 அங்குல வட்டத்தில் ஊற்றினால் அதே கலவை நாலரை சென்டிமீட்டர் நிற்கும். ஆழம் ஒன்றரை மடங்கு கூடினால் நேரமும் ஒன்றரை மடங்கு கூடும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். சூடு மாவுக்குள் அப்படி நடப்பதில்லை. நடுவைச் சென்று சேரும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. பக்கவாட்டுச் சூடு கொஞ்சம் உதவினாலும், இந்த இரண்டு தட்டுக்கும் இடையே நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். அவ்வளவு நேரமும் ஓரம் சூட்டில் நின்றுகொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் சூட்டையும் கூட்டினால் ஓரம்தான் கருகும். நடு வேகமாக வேகாது.

கறுத்த தட்டு இதை இன்னும் மோசமாக்கியது. மேசை ஓவனில் கொயில் தட்டுக்கு மிகவும் கிட்ட இருக்கிறது. பளபளப்பான அலுமினியம் அந்தக் கதிர்ச் சூட்டில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், கறுப்பு பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். போதாததற்கு, அந்த ஓவனின் திருகு 180 காட்டும்போது உள்ளே தொங்கவிட்ட வெப்பமானி 200ஐத் தாண்டி நின்றது. இந்த வெப்பமானியைக் கண்டியில் கேக் சாமான் கடையொன்றில் வாங்கினேன். ஹட்டனில் தேடிக் கிடைக்கவில்லை. புறக்கோட்டைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் அங்கேயும் கிடைக்கும். மேசை ஓவன் வைத்திருப்பவர்கள் கேக் மோல்டுக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள்.

அடுத்த முறைக்கு நான் அதிக நேரம் எடுத்தது தட்டின் பக்கத்தைச் சுற்றிக் கட்டுவதற்குத்தான். நம் வீடுகளில் கிறிஸ்மஸ் கேக்குக்குத் தட்டைச் சுற்றிப் பத்திரிகைத் தாளை நாலைந்து மடிப்பாகக் கட்டிச் சணலால் இறுக்குவது உண்டு. மணிக்கணக்கில் குறைந்த சூட்டில் நிற்கும் கேக்குக்கு அது அருமையான வேலை. ஆனால் கொயில் கிட்ட இருக்கும் சின்ன ஓவனில் தாள் கட்டவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் அக்காவின் பழைய பருத்திப் புடவையைத் தட்டின் உயரத்துக்குக் கிழித்து, மூன்றாக மடித்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து சுற்றினேன். சொட்டக் கூடாது, ஆனால் நல்ல ஈரம் இருக்க வேண்டும். அதன் மேல் அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி ஓரத்தை மடித்து அழுத்திவிட்டால் துணி வெளியே தெரியாது. கொயிலுக்கும் துணிக்கும் நடுவே அந்தத் தாள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் எளிது. துணியில் ஈரம் இருக்கும்வரை அந்தப் பக்கம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகாது. எங்கள் உயரத்தில், ஹட்டனை ஒட்டி 1200 மீட்டருக்கு மேலே, தண்ணீர் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் ஓரம் மெதுவாக இறுகுகிறது. ஓரம் முதலில் இறுகிச் சுவராக நின்றால்தான் நடுவில் இருக்கும் மாவு மேலே தள்ளிக் கோபுரமாக வெடிக்கிறது. சுவர் தாமதமானால் எல்லாம் சேர்ந்தே எழும்பும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் கேக் எழும்பும் வேகமும் கொஞ்சம் கூடுதல். அதற்காக பேக்கிங் பவுடரையும் ஒன்றரைத் தேக்கரண்டியாகக் குறைத்தேன்.

இன்னொன்று குளிர். மார்கழி, தையில் எங்கள் பக்கத்தில் பட்டர் கல்லாகவே நிற்கும், சீனியோடு சேராது. சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் சற்று வைத்தெடுத்து, விரல் அழுத்தினால் பதியும் பதத்தில் அடிக்க வேண்டும். உருகி எண்ணெயாகிவிட்டால் காற்றுப் பிடிக்காது. முட்டையையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் போட்டு வைத்தோம்.

இந்தமுறை சதுரத் தட்டு, வெப்பமானியில் 160, நடுத் தட்டில் வைத்து 50 நிமிடம். மேல்பக்கம் சமமாக வந்தது, ஓரம் பொன்னிறம். வெந்ததை எப்படி அறிவது என்று மருமகனுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். வாசத்தை நம்ப வேண்டாம், அது ஓரத்தின் வாசம். வெடிப்பு இருந்தால் அதன் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும், ஈரமாக மின்னினால் கீழே இன்னும் மாவு. ஈர்க்கு எப்போதும் மிக உயரமான இடத்தில், அடிவரை. தட்டை வெளியே எடுத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோனால் பொசபொசவென்று குமிழ் உடையும் சத்தம் கேட்கும். அது நன்றாகக் கேட்டால் ஐந்து நிமிடம் திரும்ப வைக்கலாம். அவனுக்கு மிகவும் பிடித்தது இந்தக் காது சோதனைதான், இப்போது ஒவ்வொரு கேக்குக்கும் குனிந்து கேட்கிறான்.

ஆனால் சதுரக் கேக்கைப் பார்த்துவிட்டு, "இது தட்டையா இருக்கு மாமா" என்கிறான். அவன் நினைத்த உயரம் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை என்ற குறை போகவில்லை. அது நியாயமான ஆசை. அதே 7 அங்குலத் தட்டில் கலவையைப் பாதிப் பாதியாக இரண்டு அடுக்கு போட்டு ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் உயரமும் வரும், நடுவும் வேகும். எங்கள் ஓவனில் ஒரு நேரத்தில் ஒரு தட்டுத்தான் போகும். அதனால் பட்டர், சீனி, முட்டை அடித்ததை நிறுத்துப் பாதியாக்கி, பாதி மாவும் பாதிப் பவுடரும் முதல் பாதியில் மட்டும் சேர்க்கிறோம். முதல் அடுக்கு வெளியே வந்த பிறகுதான் இரண்டாம் பாதியில் மாவைக் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்து வைத்தால் பவுடரின் வலு காத்திருப்பிலேயே குறைந்துபோகும்.

முதல் அடுக்கு நன்றாக வந்து வலையில் ஆறுகிறது. கரியைத் தேய்த்து எடுக்க முடியாததால் அம்மாயி தட்டின் வெளிப்பக்கத்துக்கும் அலுமினியத் தாள் சுற்றினோம், அடி கொஞ்சம் கூடுதலாகச் சிவந்ததைத் தவிரக் குறை இல்லை. கீழ்க் கொயில் வலுவாக இருக்கிறது, இரண்டாம் அடுக்குக்கு அடியில் வெறும் தட்டு ஒன்றை வைக்கிறேன். பட்டர் ஐசிங் இந்தக் குளிரில் பூசுவதற்குள் இறுகுகிறது, அதை இன்னும் தொடவில்லை. டிசம்பருக்கு ரவை போட்ட கிறிஸ்மஸ் கேக் அடிக்க வேண்டும், பழங்களை இப்போதே ஊறப் போட்டால் நல்லது. மருமகன் இரண்டாம் பாதி மாவைச் சலித்துக்கொண்டிருக்கிறான், நான் துணியை நனைக்கப் போகிறேன்.