மூன்று பேர் கேட்ட மஞ்சள் சுங்குடி

மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. அந்த ஒரு சுங்குடிச் சேலைதான் என் முதல் நேரலை விற்பனையைக் கெடுத்தது. அதுவரை மதுரையில் வீட்டிலேயே வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாங்குகிறவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களுக்காக ஒரு வெள்ளிக்கிழமை இரவு, முப்பது சேலைகளுடன் கைப்பேசி முன் உட்கார்ந்தேன்.

மஞ்சளை மடித்து வைத்துவிட்டுப் பச்சையை விரித்தேன். அப்போதுதான் "எனக்கு", "எனக்கு வேண்டும்" என்று கருத்துகள் வந்து விழுந்தன. எனக்கென்றால் எது, மஞ்சளா பச்சையா? நான் காட்டுவது அவர்கள் திரைக்குச் சில வினாடிகள் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. பச்சைக்கு என்று எழுதிக்கொண்டேன். இதற்கிடையில் திருமங்கலத்து அக்கா ஒருவர் மஞ்சள் தெரிந்தபோதே திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இருந்ததோ ஒரே சேலை. கேட்டவர்கள் மூன்று பேர். இரவு பதினொரு மணி வரை சமாதானம் பேசினேன்.

அடுத்த வாரம் ஒவ்வொரு சேலையிலும் பெரிய எழுத்தில் நம்பர் எழுதிய அட்டையைக் குத்தினேன். "வேண்டுமென்றால் நம்பரை மட்டும் எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டால் கணக்கில்லை" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஒரு சேலையைக் காட்டி முடித்ததும் முந்தியைக் கையில் பிடித்தபடி அரை நிமிடம் பேசிக்கொண்டிருப்பேன். கருத்துகள் வந்து சேர அந்த நேரம் போதும். நாத்தனார் பக்கத்தில் நோட்டுடன் இருந்து, முதலில் கேட்டவரையும் அவருக்கு அடுத்தவரையும் குறித்துக்கொள்வாள். மறுநாள் மதியத்துக்குள் முதலாமவர் பணம் அனுப்பாவிட்டால் சேலை இரண்டாமவருக்கு. பணம் போட்டதாக வரும் படத்தை நம்புவதில்லை, வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார்த்த பிறகே பார்சல் கட்டுகிறேன்.

நம்பர் சரியானது, நிறம் சரியாகவில்லை. "அரக்கு என்றீர்கள், வந்தது கத்தரிப்பூ" என்று ஒருவர் திருப்பி அனுப்பினார். திரை முழுவதும் ஒரே நிறம் நிறைந்தால் கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யப் பார்க்கும், அதில் சேலையின் சாயல் மாறிவிடும். இப்போது பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுகிறேன். வேட்டி நீலம் பாய்ந்தோ மஞ்சள் தட்டியோ தெரிந்தால் சேலையின் நிறமும் பொய் என்று பார்க்கிறவர்களுக்கே புரிந்துவிடும். நேரமும் இரவிலிருந்து காலை எட்டு மணிக்கு மாறியது. ஜன்னல் வெளிச்சம் போதும், டியூப்லைட் வேண்டாம்.

அந்த வெளிச்சத்தில் இன்னொன்றும் காட்ட முடிந்தது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த சுங்குடியில், முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சிறு கூம்பாக எழும்பி நிற்கும். மெழுகு அச்சில் வந்தது தட்டையாக இருக்கும். இரண்டையும் பக்கவாட்டில் சாய்த்துக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோனேன். விலை ஏன் கூடுதல் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

திருமங்கலத்து அக்கா இன்னும் முதல் ஆளாக வந்துவிடுகிறார். வணக்கம் சொல்வதற்கு முன்பே கேட்கிறார்: "வேட்டியைக் கட்டியாகிவிட்டதா?"