பாட்டியின் முகம்வரை: ஆறு சென்டிமீட்டர் படத்தை மங்காமல் நெருங்கிய அனுபவம்

அப்பாவின் சதாபிஷேகத்துக்காகப் பழைய படங்களைக் கோத்து ஒரு காணொளி தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, அதில் ஒரு படம் மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதாக இருந்தது. 1960களில் எங்கள் ஊர் வீட்டுத் திண்ணையருகே எடுக்கப்பட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் என் பாட்டி. அவருடைய படம் என்று எங்கள் குடும்பத்தில் இருப்பது அது ஒன்றுதான். முதலில் முழுப் படத்தையும் காட்டி, பிறகு மெதுவாக நெருங்கி, பாட்டியின் முகத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது என் விருப்பம்.

படம் மிகச் சிறியது. பாக்ஸ் கேமராவில் 120 ரோல் போட்டு எடுத்து, நெகட்டிவை அப்படியே தாளின்மேல் வைத்து அச்சிட்ட கான்டாக்ட் பிரிண்ட் அது. வெள்ளை ஓரத்தை நீக்கினால் பக்கத்துக்கு 5.7 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரம். அளவுகோலை வைத்துப் பார்த்தபோது பாட்டியின் முகம், உச்சியிலிருந்து மோவாய்வரை, 5 மில்லிமீட்டர்தான் இருந்தது.

முதலில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். 300 டிபிஐயில், ஜேபெக் கோப்பாகக் கொடுத்தார்கள். கணினியில் முழுப் படமாகப் பார்த்தபோது குறை எதுவும் தெரியவில்லை. எடிட்டிங் மென்பொருளில் போட்டு முகத்தை நோக்கி நெருங்கியதும்தான் கன்னமும் நெற்றியும் கட்டம் கட்டமாக உடைந்தன. அந்தக் கட்டங்களை மென்பொருள் இழைத்துச் சமன்படுத்தியதால், பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் நிற்பதைப் போன்ற ஒரு வடிவம்தான் மிஞ்சியது.

காரணம் எளிய கணக்கு. 300 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள். 5.7 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டேகால் அங்குலம் என்பதால், முழுப் படமும் 675 புள்ளி அகலம்தான் வரும். காணொளிச் சட்டமோ 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டது. ஆகவே முழுப் படத்தைக் காட்டும்போதே அதை 1.6 மடங்கு இழுக்க வேண்டியிருந்தது. நெருங்கி முடிக்கும் இடத்தில் ஆறு மடங்கு. இல்லாத புள்ளிகளை இத்தகைய எடிட்டிங் மென்பொருளால் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு நிரப்பத்தான் முடியும், அந்த நிரப்பல்தான் நமக்கு மங்கலாகத் தெரிகிறது.

எனவே, ஸ்கேன் செய்வதற்கு முன்பே நெருக்கக் காட்சி எங்கே முடிய வேண்டும் என்பதை முடிவு செய்தாக வேண்டும் என்பது புரிந்தது. ஒரு வெள்ளைத் தாளில் 16:9 விகிதத்தில் ஒரு சாளரத்தை வெட்டி, படத்தைத் தொடாமல் அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். 2.7 சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாளரத்தில் பாட்டியின் முகம் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்தது; தோளும் புடவைத் தலைப்பும் உடன் தெரிந்தன. அதற்கு மேல் நெருங்கத் தேவையில்லை என்று தோன்றியது. 2.7 சென்டிமீட்டருக்குள் 1920 புள்ளிகள் இருக்க வேண்டுமென்றால், ஏறத்தாழ 1800 டிபிஐ வேண்டும்.

வீட்டிலிருக்கும் பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரின் பெட்டியில் 19,200 டிபிஐ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது மென்பொருள் ஊதிக் காட்டும் எண். கையேட்டில் ஆப்டிகல் ரெசல்யூஷன் என்ற வரியில் 1200 x 2400 என்று இருப்பதுதான் கருவியின் உண்மையான திறன், அதிலும் சிறிய எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஆகவே நண்பர் ஒருவரிடம் இருந்த, உண்மையாகவே 4800 டிபிஐ திறனுள்ள படத்துக்கான ஸ்கேனரில் 600, 1200, 2400 என மூன்று முறை ஸ்கேன் செய்தேன். மூன்றையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 600இல் வெறும் சாம்பல் கீற்றாக இருந்த புடவைக் கரை, 1200இல் இரண்டு கோடுகளாகப் பிரிந்தது. 2400இல் அந்த இரண்டு கோடுகளுக்கு மேல் எதுவும் புதிதாகக் கிடைக்கவில்லை. தாளின் மேற்பரப்பிலிருந்த சொரசொரப்புதான் கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, இந்தத் தாளில் இருக்கும் விவரம் 1200 டிபிஐயோடு தீர்ந்துவிட்டது. எல்லாப் படத்துக்கும் இந்த எல்லை ஒன்றாக இருக்காது. ஸ்டுடியோவில் பெரிதாக்கி அச்சிட்ட படங்கள் பலவற்றில் 600க்கே தீர்ந்துவிடுவதையும் பிறகு கண்டேன்.

ஆகவே 1200 டிபிஐயில் வைத்துக்கொண்டேன். படம் 2700 புள்ளிச் சதுரமாக வந்தது. முடிவுச் சட்டத்தில் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டியிருக்கும். அந்த அளவு இழுப்பைக் கண் பொறுத்துக்கொள்கிறது என்பதைச் செய்து பார்த்தே தெரிந்துகொண்டேன். ஸ்கேனர் மென்பொருளில் தானாகவே இயங்கிக்கொண்டிருந்த ஷார்ப்பனிங்கை அணைத்துவிட்டேன். அது சிறிய அளவில் படத்தைக் கூர்மையாகக் காட்டினாலும், நெருங்கும்போது தலைமுடியின் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோட்டை வரைந்துவிடுகிறது. கோப்பை, விவரம் இழக்காமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையே ஒரு தடங்கல். முதல் ஸ்கேனில் படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் இடப்பக்கம் சற்றே மங்கியும் வந்தது. அறுபது ஆண்டு ஆல்பத்தில் கிடந்த படம் ஓரத்தில் சுருண்டிருந்தது. மெல்லிய ஸ்கேனர்களில் இருக்கும் சென்சார், கண்ணாடியை ஒட்டிய பரப்பைத்தான் துல்லியமாகப் பார்க்கும், அரை மில்லிமீட்டர் எழும்பினாலும் கூர்மை குறையும். இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே படத்தை வைத்து, ஒரு கனத்த அகராதிக்குள் இரண்டு நாள் கிடத்திவிட்டு மறுபடியும் ஸ்கேன் செய்ததும் சரியாகிவிட்டது.

இந்தத் தடங்கலின்போதுதான், பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் எனக்குக் கைகொடுத்த ஒரு வழி கிடைத்தது. பாட்டியின் தோளுக்கு மேலே, சுவர்ப் பகுதியில், தாளில் நகம் பட்டது போன்ற ஒரு மெல்லிய கீறல் இருக்கிறது. அது கேமரா பார்த்த காட்சியைச் சேர்ந்ததல்ல, தாளைச் சேர்ந்தது. ஆகவே கீறல் கூர்மையாக இருந்து முகம் மட்டும் மங்கலாக இருந்தால், மங்கல் அன்றைக்கே படத்தில் பதிந்தது, அதற்கு ஸ்கேனரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. கீறலே மங்கியிருந்தால், குறை ஸ்கேனரிலோ அதற்குப் பின்னரோ நேர்ந்தது, அதைத் திருத்தலாம். என் படத்தின் மூலையிலிருந்த வேப்பிலைகள் எத்தனை முறை ஸ்கேன் செய்தும் குழைந்தே இருந்தன, பக்கத்திலிருந்த தூசிப் புள்ளியோ ஊசிமுனையாக நின்றது. பாக்ஸ் கேமராவின் ஒற்றை லென்ஸ் மூலைகளில் அப்படித்தான் பதியும். நல்ல வேளையாகப் பாட்டி நடுவுக்கு அருகில் நின்றிருந்தார்.

இவ்வளவும் செய்து, புதிய கோப்பை என் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவில் போட்டு நெருங்கினால், மீண்டும் அதே மங்கல். அன்று மனம் உடைந்துதான் போனேன். கீறலைப் பார்த்தேன், அதுவும் குழைந்திருந்தது. ஆக, குறை மென்பொருளுக்குள்தான் இருந்தது.

தேடியதில் காரணம் தெரிந்தது. பெரிய படம் சட்டத்துக்குள் அடங்குவதற்காக நான் `Scale to Frame Size` என்பதைத் தேர்ந்திருந்தேன். அது 2700 புள்ளிச் சதுரத்தை 1080 புள்ளிச் சதுரமாகச் சுருக்கி வைத்துக்கொண்டு, பிறகு நாம் நெருங்கும்போது அந்தச் சுருங்கிய படத்தையே இழுக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் `Set to Frame Size` வேறு விதமானது: அது படத்தின் புள்ளிகளைத் தொடாமல், `Scale` எண்ணை மட்டும் குறைக்கிறது. இரண்டிலும் திரையில் தெரிவது ஒன்றுபோலவே இருப்பதால் ஏமாந்துபோவது எளிது. ஆனால் `Effect Controls` பகுதியில் `Scale` எண்ணைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். 2700 புள்ளி உயரமுள்ள படம் 1080 புள்ளிச் சட்டத்தில் அடங்கியிருக்கும்போது அந்த எண் 40 என்று இருக்க வேண்டும். எனக்கு 100 என்று காட்டியது.

சரியானதைத் தேர்ந்ததும் தொடக்கத்தில் 40, முடிவில் 150 என்று எண்கள் அமைந்தன. அந்த 150தான் நான் தாளில் கணக்கிட்ட ஒன்றரை மடங்கு. கடையில் வாங்கிய கோப்பாக இருந்திருந்தால் இதே பயணம் 160இல் தொடங்கி 600இல் முடிந்திருக்கும். அன்றிலிருந்து எந்தப் படத்தைக் கையாண்டாலும் நெருங்கி முடியும் இடத்தைக் குறிக்கும் முடிவுக் கீஃபிரேமில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். 100க்குள் இருந்தால் கவலையே இல்லை, 150ஐத் தாண்டினால் நெருங்குவதைக் குறைத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: காட்சியைச் சோதிக்கும் சிறு திரையில் பிளேபேக் ரெசல்யூஷன் `1/2` அல்லது `1/4` என்று இருந்தால் நல்ல படமும் மங்கலாகவே தெரியும். `Full` என்று வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மிச்சமிருந்தது இரண்டு சிறு குறைகள். ஒன்று, தொடக்கத்தில் படம் மிகவும் சுருங்கியிருந்ததால், நகரும்போது ஜன்னல் கம்பிகள் மினுமினுத்தன. `Motion` பகுதியிலுள்ள `Anti-flicker Filter` எண்ணைத் தொடக்கத்தில் 0.3 என்றும், நெருங்க நெருங்கக் குறைந்து முடிவில் 0 என்றும் வைத்ததும் அது அடங்கியது. மற்றொன்று நுட்பமானது. காட்சி கூர்மையாகத் தொடங்கி மெல்ல மென்மையாவதைக் கண் அந்த மாற்றத்தைக் கொண்டே கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே படத்துக்கு மேலே, கீழிருக்கும் காட்சி முழுவதையும் பாதிக்கும் வெற்று அடுக்கான ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்து, அதில் `Noise` எஃபெக்டை 4 சதவீதத்தில், வண்ணப் புள்ளிகள் இல்லாமல் சேர்த்தேன். அது தூவும் மணல்துகள் போன்ற புள்ளி படத்தோடு சேர்ந்து பெரிதாகாமல் காட்சி முழுக்க ஒரே அளவில் இருப்பதால், மென்மையாகும் இடம் தனித்துத் தெரிவதில்லை. படத்தின்மீதே நேராகச் சேர்த்திருந்தால் துகளும் கூடவே வளர்ந்து குறையைப் பெரிதாக்கியிருக்கும்.

கடைசியாகக் காணொளிக் கோப்பாக வெளியேற்றும்போது, விநாடிக்கு எவ்வளவு தரவு என்பதைக் குறிக்கும் பிட்ரேட்டை 20 எம்பிபிஎஸ் வைத்தேன், ஏனென்றால் குறைந்த பிட்ரேட்டில் அந்தத் துகள்தான் முதலில் கரைந்து முகத்தில் திட்டுத் திட்டாகப் படிகிறது. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் மறுபடியும் சுருக்கிவிடும் என்பதால் மண்டபத்துக்குப் பென் டிரைவில் கொண்டுபோனேன்.

திரையில் பத்து விநாடிகளில் படம் பாட்டியின் முகத்தில் வந்து நின்றபோது, அப்பா நாற்காலியிலிருந்து சற்று முன்னுக்கு வந்தார். "அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, பார்த்தியா?" என்று என் அம்மாவிடம் கேட்டார். ஆல்பத்தில் அது இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை. 1200 டிபிஐ ஸ்கேனில் இடப்பக்கம் ஒரு வெண்புள்ளியும் வலப்பக்கம் அதைவிடச் சிறிய ஒரு வெண்புள்ளியும் இருந்தன. வலப்பக்கத்ததைத் தூசி என்று நினைத்து, துடைத்துவிடுவதற்காக இரண்டு முறை தூரிகையை எடுத்துவிட்டுப் பிறகு விட்டிருந்தேன்.