பரவாயில்லை என்று சொன்னேன்

அந்த அழைப்பு மொத்தம் ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பதிவை மூன்று முறை கேட்டுவிட்டேன். அவள் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் நான் பதில் சொல்வதற்கும் நடுவே விசைப்பலகையின் ஓசை கேட்கிறது. அடுத்த வாடிக்கையாளரின் வண்டி எண்ணை நான் அதற்குள் தட்டத் தொடங்கியிருந்தேன்.

வண்டிக் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களை அழைப்பது என் வேலை. 14ஆம் தேதி மாலை ஐந்தேகால் மணி. அன்று நள்ளிரவோடு காப்புறுதி முடியும் வண்டிகளின் பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் அவளுடையது. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு மருந்தகத்தில் வேலை, வயது இருபத்து நான்கு, ஸ்கூட்டர், மூன்றாம் தரப்புக் காப்புறுதி. புதுப்பிக்க 412 வெள்ளி. குறுஞ்செய்தி இரண்டு போயிருந்தது, பதில் இல்லை. அதனால் அழைத்தேன்.

“அக்கா, நாளைக்குத்தான் சம்பளம். நாளைக்குக் கட்டினால் ஆகாதா?”

“பரவாயில்லைம்மா, நாளைக்கும் எடுக்கலாம்.”

இவ்வளவுதான். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாளைக்கும் அதே 412 வெள்ளிக்கு எடுக்கலாம் என்பதுதான் என் மனத்தில் இருந்த பொருள். அவள் கேட்டது அதுவல்ல என்பது பதிவைக் கேட்கும் எவருக்கும் புரியும். ஒரு நாள் தள்ளிப்போனால் தனக்கு ஏதும் ஆகுமா என்று கேட்டாள். தண்ணீர்க் கட்டணமும் தொலைபேசிக் கட்டணமும் ஒரு நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. வாகனக் காப்புறுதி அப்படியன்று. இரவு 11.59க்கு முடிந்தால் முடிந்ததுதான், சலுகை நாள் கிடையாது. மறுநாள் எடுக்கும் பாலிசி எங்கள் முறையில் பணம் கட்டிச் சான்றிதழ் வெளியாகும் நேரத்திலிருந்துதான் தொடங்கும். அந்த நேரம் சான்றிதழிலேயே அச்சாகும். இடையில் இருக்கும் மணி நேரங்களுக்கு அந்த வண்டியைச் சாலையில் இறக்கவே கூடாது.

“அதுவரை வண்டியை எடுக்காதே” என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் மூன்று விநாடி கூடியிருக்கும்.

மறுநாள் காலை 8.34க்கு அவளே அழைத்தாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது, அளவுக்கு மீறிய நிதானம். “அக்கா, இப்போதே கட்டிவிடுகிறேன். இன்றைய தேதி போட்டால் காலையிலிருந்தே கணக்காகுமா?”

இந்த வேலையில் பத்து ஆண்டுகள் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். தேதியைக் கேட்பவர்கள் உண்டு. காலையிலிருந்தா என்று மணியைக் கேட்பவர்கள் அரிது. “ஏதாவது நடந்ததா?” என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வேலைக்குப் போகும் வழியில், 7.18க்கு, இடப்பக்கம் திரும்பும்போது சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர்மீது மோதியிருக்கிறாள். அவருக்குக் கணுக்கால் முறிவு. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிச் சென்றுவிட்டது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

அன்று நான் செய்த இன்னொன்றைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. விபத்தைத் தெரிந்துகொண்டபின் பாலிசி போட்டுக் கொடுப்பது மோசடி. போட்டுக் கொடுத்திருந்தாலும் 8.40க்கு வெளியான சான்றிதழ் 7.18க்கு நடந்ததைத் தாங்கியிருக்காது. போலீஸ் அறிக்கையில் நேரம் இருக்கும். முடியாது என்று சொன்னேன். காயம் பட்டிருப்பதால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் அறிக்கை கொடு, நடந்ததை நடந்தபடி சொல், ஸ்கூட்டரை ஓட்டாமல் இழுவை வண்டியில் ஏற்று என்றேன். முந்தைய மாலை சொல்லியிருக்க வேண்டியதை எவ்வளவு தெளிவாக அன்று காலை சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

காப்புறுதி இல்லாமல் வண்டி ஓட்டுவதற்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். பலர் அபராதத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் பெரிய அடி அடுத்ததில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் 12 மாதம் ஓட்டத் தடை. நீதிமன்றம் சிறப்புக் காரணம் ஏதும் கண்டாலொழிய அது குறையாது. ஓராண்டுத் தடை என்றால் உரிமமே செல்லாததாகிவிடும். மறுபடி எழுத்துத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பெரியவர் கைவிடப்படவில்லை. காப்புறுதி இல்லாத வண்டியால் காயமடைந்தவர்களுக்காக 1975இல் அமைக்கப்பட்ட வாகனக் காப்புறுதியாளர் கழகம் இங்கே இருக்கிறது, அதனிடம் அவர் இழப்பீடு கோரலாம். ஆனால் அது உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் மட்டுமே. வளைந்துபோன அவருடைய சைக்கிளுக்குக் கிடையாது. கழகம் கொடுத்த பணத்தைப் பின்னர் அவளிடமிருந்தே கேட்கலாம். பாலிசி உயிரோடு இருந்திருந்தால் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். அவளுடைய ஸ்கூட்டரைத் தவிர, ஏனென்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி சொந்த வண்டிக்குக் கொடுக்காது.

மேலதிகாரி பதிவைக் கேட்டார். “நீங்கள் விதிப்படிதான் பேசியிருக்கிறீர்கள்” என்றார். உண்மை. எங்களுக்குக் கொடுத்திருக்கும் பேச்சுத்தாளில் தொகையும் கடைசித் தேதியும் கட்டும் வழியும் இருக்கின்றன. நடுவில் வரும் இடைவெளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளிடமும் சான்றிதழ் இருந்தது, முடியும் தேதி அதில் அச்சாகியிருந்தது. சாலை வரியும் அதே நாளோடு முடிந்தது, காப்புறுதி இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது என்பது வண்டி வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கும்போது எனக்குச் சற்று இலேசாகிறது. பிறகு அந்தப் ‘பரவாயில்லை’ காதில் விழுகிறது. விதியில் இல்லாததைச் சொல்லாமல் விட்டேன் என்பது சரி. விதியில் இல்லாத அந்தச் சொல்லைச் சொன்னதும் நான்தானே.

இப்போது பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்ற அந்த வாக்கியத்தைச் சொல்கிறேன். போன வாரம் ஒருவர், “பயமுறுத்திப் பணம் கட்ட வைக்கிறீர்களா?” என்று சத்தம் போட்டார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வண்டியை வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறவரிடம் அது மிரட்டலாகத்தான் கேட்கும்.

இரண்டு மாதம் கழித்து அவள் மீண்டும் அழைத்தாள். வழக்கு வர இருந்தது.

“அக்கா, அன்றைக்கு நீங்கள் பரவாயில்லை என்று சொன்னீர்களா, இல்லை நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேனா? வழக்கறிஞர் கேட்கிறார்.”

வழக்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் பேசக் கூடாது என்பது அலுவலகக் கட்டளை. நான் சொன்ன சொல் நீதிமன்றத்தில் சிறப்புக் காரணமாக நிற்குமா, நிற்காதா என்பதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அப்படி ஒரு பதிவு இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதமாக நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

“அந்த அழைப்பு பதிவாகியிருக்கிறது. உன் குரல் அதில் இருப்பதால் பிரதி வேண்டுமென்று நீ எழுத்துமூலம் கேட்கலாம். வழக்கறிஞரிடம் சொல்” என்றேன்.

“அதில் என்ன இருக்கிறது அக்கா?”

“சொன்னேன்” என்றேன். “பரவாயில்லை என்று சொன்னேன்.”

அந்தப் பக்கம் வெகுநேரம் ஓசை இல்லை. பிறகு, “அப்படியென்றால் நான் தப்பாகக் கேட்கவில்லை” என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த அழைப்பும் பதிவாகியிருக்கும். இதை நான் இன்னும் கேட்கவில்லை.