அம்மாவின் கெண்டைக்காலும் "கட்டி" என்ற ஒரு சொல்லும்

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். போன வருடம் இடது முழங்காலின் பின்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்ததால் ஸ்கேன் எடுத்தோம். பேக்கர் நீர்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டோம்.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, திருவலையில் இருந்து தேங்காய் திருவிவிட்டு எழும்பும்போது, முழங்காலுக்குப் பின்னால் ஏதோ பட்டென்று விட்டதாகவும், சுடுதண்ணீர் கணுக்கால் வரை இறங்கியது போல இருந்ததாகவும் அம்மா சொன்னா. பின்னேரம் பார்த்தால் கெண்டைக்கால் வீங்கி, சிவந்து, தொட விடவில்லை. களுவாஞ்சிகுடியில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்கு ஓட்டோ பிடித்தோம்.

நான் செய்த பிழை அங்கேதான் நடந்தது. டொக்டர் "காலில் இரத்தக்கட்டி போல இருக்கு" என்றார். பதற்றத்தில் நான், "ஓம் டொக்டர், போன வருஷமும் ஸ்கேன்ல கட்டி எண்டுதான் சொன்னவங்க" என்றேன். நான் சொன்னது நீர்க்கட்டி. அவர் எழுதியது, முன்பும் இரத்தம் உறைந்த வரலாறு உண்டு என்று. முன்பு ஒரு தடவை உறைந்தவருக்குத் திரும்பவும் உறைய வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த ஒரு வரி எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிட்டது. இரத்தம் உறைந்திருந்தால் கூடும் டி-டைமர் என்ற அளவு அம்மாவின் இரத்தத்தில் கூடியிருந்தது. நீர்க்கட்டி வெடித்தாலும் அது கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரத்த நாள ஸ்கேன் திங்கட்கிழமைதான் என்றதால், அது வரைக்கும் இரத்தத்தை ஐதாக்க வயிற்றில் போடும் எனொக்சாபரின் ஊசியைத் தொடங்கினார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன். உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

திங்கட்கிழமை டொப்ளர் ஸ்கேன் செய்தவர், தொடையில் இருந்து முழங்காலின் பின்பக்கம் வரை ஒவ்வொரு இடமாகக் கருவியால் அழுத்திப் பார்த்தார். நல்ல நாளம் அழுத்தினால் சப்பென்று மூடிக்கொள்ளும். இரத்தம் உறைந்திருந்தால் மூடாது. அம்மாவுக்கு எல்லாம் மூடியது. "கட்டி இல்லை" என்று எழுதித் தந்தார். அப்படியென்றால் கால் ஏன் வீங்கியது? கேட்டேன். "துண்டில் நாளம் பார்க்கச் சொல்லித்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். முழங்கால் முழுநீளத்துக்கும் கண் முன்னால் இருந்தது. இரண்டு நிமிடம் போதுமே என்று இன்றும் மனம் கொதிக்கிறது.

வாட்டில், கீழ்க்காலின் சிறிய நாளங்களில் இருக்கலாம் என்று ஊசியைத் தொடர்ந்தார்கள். கால் இன்னும் இறுகியது. புதன்கிழமை காலை அம்மாவின் உள் கணுக்காலுக்குக் கீழே பிறைபோல ஊதா நிறத்தில் கண்டியிருந்தது. நோட்டைப் பார்த்த மிஸ் ஒருவர் அதையும் கண்டுவிட்டு, "முழங்காலில் முதலே ஏதும் இருந்ததா?" என்று கேட்டா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி மோட்டார் சைக்கிளில் போய், அலுமாரியில் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்துவந்தான்.

அன்று பின்னேரமே வேறொரு டொக்டர் திரும்ப ஸ்கேன் செய்தா. முழங்காலின் உள்பக்கத்தில், கெண்டைத் தசைக்கும் பக்கத்துத் தசைநாணுக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்தோடு நீர்ப்பை; மூட்டில் ஊறும் நீர் அந்த வழியால்தான் பைக்குள் இறங்குகிறதாம். பழைய ரிப்போர்ட்டில் அடிப்பக்கம் உருண்டையாக இருந்த பை, இப்போது சுருங்கிக் கூராக இருந்தது. அதற்குக் கீழே தசைக்கு மேலால் கறுப்புக் கோடாக நீர் இறங்கியிருந்தது. கூடவே இரத்தமும் கசிந்திருந்தது. பை வெடித்த இடத்தில் இரத்தத்தை ஐதாக்கும் ஊசி போட்டால் அப்படித்தான் ஆகும் என்றா. நாளங்களை மறுபடி அடி வரை பார்த்துவிட்டுத்தான் ஊசியை நிறுத்தச் சொன்னா. பெரிய நீர்க்கட்டி நாளத்தை நெரித்து உண்மையாகவே இரத்தம் உறைய வைக்கலாம், இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம் என்பதால் அந்தக் கவனம்.

அதனால், இப்படி வீங்கினால் வீட்டிலேயே நீர்க்கட்டிதான் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். ஸ்கேன் துண்டில் நாளத்தோடு முழங்காலின் பின்பக்கத்தையும் கெண்டையையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கெண்டை கல்லுப்போல இறுகி, விரல்கள் விறைத்து, வலி தாங்கமுடியாமல் போனால் அந்த நிமிடமே சொல்லுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறினால் அவசரமாக ஒப்பரேசன் தேவைப்படும். எங்களுக்கு அந்த இரவு முழுக்க மணிக்கு ஒருதரம் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

பிறகு காலை உயர்த்தி வைத்தல், ஐஸ், பரசிற்றமோல். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது. தேய்மானத்துக்குத்தான் இனி வைத்தியம், அது இருக்கும் வரை பை திரும்ப நிரம்பலாம்.

வீட்டுக்கு வரும் முன் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கிளினிக் கொப்பியில் முன்பு இரத்தம் உறைந்தது என்ற வரியை வெட்டி, "முழங்கால் நீர்க்கட்டி" என்று டொக்டர் எழுதிக் கையெழுத்து வைத்தா.